மெயிலில் சந்தாவை ரத்து செய்வது: எந்த முகவரிக்கு, என்ன வாசகத்தில், ஆட்டோபேயை எப்போது நிறுத்துவது

கேள்வி: "ஒரு உடற்பயிற்சி ஆப்புக்கு மாதம் 799 ரூபாய் சந்தா. யு.பி.ஐ. ஆட்டோபேயில் ஒவ்வொரு மாதமும் 18ஆம் தேதி பணம் போகிறது. ஆப்பில் ரத்து செய்ய பட்டனே இல்லை, மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். போன மாதம் 10ஆம் தேதி, ரசீது வந்த முகவரிக்கே மெயில் போட்டேன். பதில் இல்லை, 18ஆம் தேதி பணமும் போய்விட்டது. எப்படி எழுதினால் நிற்கும்? போன 799 திரும்பக் கிடைக்குமா?"

உங்கள் விஷயத்தில் இரண்டு ஏற்பாடுகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான சந்தா. இன்னொன்று, மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள யு.பி.ஐ. பின் போட்டு நீங்கள் கொடுத்த அனுமதி. அதைத்தான் மேண்டேட் என்கிறார்கள். மெயில் முதலாவதை மட்டுமே முடித்துவைக்கும். நிறுவனத்துக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது, அனுமதி உயிரோடு இருக்கும்வரை 18ஆம் தேதி வரும் கோரிக்கைக்கு அது பணத்தைக் கொடுத்துவிடும். இதைத் திருப்பிப் போட்டாலும் சிக்கல்தான். மேண்டேட்டை மட்டும் நீக்கிவிட்டு மெயில் அனுப்பாமல் விட்டால் பணம் போவது நிற்கும், சந்தா நிற்காது. நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் பணம் கட்டத் தவறியவர். பிராட்பேண்ட், போஸ்ட்பெய்டு போன்ற சேவைகளில் இது பாக்கியாக ஏறி, வசூல் செய்பவரின் அழைப்புவரை போகும். ஆகவே இரண்டையும் முடிக்க வேண்டும். முதலில் மெயில், அடுத்த பிடித்தத் தேதிக்கு முன்பாக மேண்டேட் நீக்கம் என்பதே பாதுகாப்பான வரிசை. "ரத்து செய்தார், அதனால் அனுமதியையும் திரும்பப் பெற்றார்" என்று தேதி வாரியாகக் காட்ட முடியும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சந்தாவை கூகுள் பிளே அல்லது ஆப்பிள் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் பணம் வசூலிப்பது அந்த ஸ்டோர். அப்படியானால் ஆப் நிறுவனத்துக்கு எத்தனை மெயில் போட்டாலும் பிடித்தம் நிற்காது, ஸ்டோரின் சந்தாப் பட்டியலுக்குள் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். ஆப்பை போனிலிருந்து நீக்குவதாலும் சந்தா ரத்தாகாது. வங்கியிலிருந்து வரும் செய்தியில் யார் பெயருக்குப் பணம் போகிறது என்று பாருங்கள், விடை அதிலேயே இருக்கும். கீழே எழுதியிருப்பது நிறுவனமே நேரடியாக வசூலிக்கும் சந்தாவுக்கு.

போன மாத மெயில் ஏன் பலிக்கவில்லை என்பதில்தான் முக்கியமான பாடம் இருக்கிறது. ரசீது வந்த முகவரியைத் திறந்து பாருங்கள். அது பெரும்பாலும் noreply அல்லது donotreply என்று தொடங்கும். அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. பல நேரம் திரும்பி வந்த அறிவிப்புகூட வராது, அதனால் போய்ச் சேர்ந்ததாக நாம் நினைத்துக்கொள்வோம். சட்டப்படியும் இந்த வேறுபாடு முக்கியமானது. மின்னணுச் செய்தி ஒருவருக்கு எப்போது "கிடைத்ததாக" ஆகும் என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13 சொல்கிறது. பெறுபவர் "இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று குறித்துக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டிக்குள் மெயில் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். அவர்கள் படித்தார்களா இல்லையா என்பது பொருட்டல்ல. அவர்கள் ஒரு முகவரியைக் குறித்திருக்க, நீங்கள் அவர்களுடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அதை அவர்கள் எடுத்துப் பார்த்த பிறகுதான் கிடைத்ததாகக் கணக்கு. ஒரே மெயில்தான், முகவரி மாறியதும் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளுக்கு வந்துவிடுகிறது.

அதனால் முகவரியை ரசீதில் தேடாதீர்கள். விதிமுறைகள் பக்கத்தில் ரத்து பற்றிய பத்தியைப் படித்து, அங்கே கொடுத்திருக்கும் முகவரியை எடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்களையும் முகவரிகளையும் தொடவே வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி யு.பி.ஐ. பின் போடவைக்கும் மோசடி அங்கேதான் காத்திருக்கிறது. பணம் நம் கணக்குக்கு வர பின் போட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. அதே தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். மின்வணிக விதிகள் 2020 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த முகவரியை Cc-யில் சேருங்கள். இந்த இரண்டு பக்கங்களையும், தேதி தெரியும்படி, அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விதிமுறைப் பக்கங்கள் சொல்லாமல் மாறும். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அந்தப் பத்தி வேறாக இருக்கலாம்.

விதிமுறையைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: முன்னறிவிப்புக் காலம். "30 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்" என்று இருந்தால், நீங்கள் 6ஆம் தேதி எழுதினாலும் 18ஆம் தேதிப் பிடித்தம் தங்களுக்கு உரியது என்று அவர்கள் வாதிட இடமிருக்கிறது. சிலர் ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டிருப்பார்கள், அதை மாதச் சந்தா என்றே நினைத்திருப்பார்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் உங்கள் நிலை தெளிவு. அடுத்த சுற்று தொடங்குவதற்கு முன் ரத்து செய்தவருக்கு அடுத்த சுற்றுக்கான பணம் கடன் இல்லை.

இனி மெயில். சந்தா எடுத்தபோது பதிவு செய்த அதே மெயில் முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும். வேறு முகவரியிலிருந்து போனால் "பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதுங்கள்" என்று நான்கு நாள் கழித்துப் பதில் வரும், அதற்குள் 18ஆம் தேதி வந்துவிடும். வாசகத்தைப் பொறுத்தவரை கேள்வியாக எழுதாதீர்கள். "ரத்து செய்ய முடியுமா?", "நிறுத்திவைக்க உதவுங்கள்" என்று எழுதினால் அது விசாரிப்பு. பதிலாகத் தள்ளுபடியும் "ஒரு மாதம் இடைநிறுத்தம்" என்ற யோசனையும் வரும், ரத்து நடக்காது. "ரத்து செய்கிறேன்" என்ற முடிவே வேண்டும், அதுவும் முதல் வரியில். இன்று நவம்பர் 6, 2025, அடுத்த பிடித்தம் நவம்பர் 18 என்று வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்.

பொருள் வரி: "சந்தா ரத்து அறிவிப்பு, 6 நவம்பர் 2025, சந்தா எண் (உங்கள் எண்)".

மெயில்: "இந்த மெயில் முகவரியிலும், 00ல் முடியும் கைபேசி எண்ணிலும் பதிவாகியுள்ள என் மாதச் சந்தாவை இன்றைய தேதியிலிருந்து ரத்து செய்கிறேன். கட்டணம் செலுத்தியாகிவிட்ட நடப்புச் சுற்று 17 நவம்பர் 2025 அன்று முடிகிறது, அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டாம். மாதம் 799 ரூபாய் பிடித்தம் செய்ய நான் கொடுத்திருந்த ஒப்புதலையும் இத்துடன் திரும்பப் பெறுகிறேன், நவம்பர் 18 அன்றோ அதன் பிறகோ எந்தத் தொகையும் எடுக்க என் சம்மதம் இல்லை. ஆட்டோபே மேண்டேட் எண் (உங்கள் எண்). சந்தா ரத்தான தேதியையும், பாக்கி எதுவும் இல்லை என்பதையும் 10 நவம்பர் 2025க்குள் இதே மெயிலுக்குப் பதிலாக எழுத்தில் உறுதி செய்யுங்கள். உங்கள் விதிமுறைகளில் ரத்துக்கென்று கொடுத்துள்ள முகவரிக்கு இதை அனுப்புகிறேன், குறைதீர் அலுவலருக்கும் நகல் அனுப்பியுள்ளேன்."

இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இது தமிழில் இருந்தாலும் செல்லும், ஆனால் அவர்களுடைய ஆதரவுக் குழு ஆங்கிலத்தில் இயங்கினால் இதே வரிகளை ஆங்கிலத்தில் அனுப்புவது நாட்களை மிச்சப்படுத்தும். சேவை சரியில்லை, பயிற்சியாளர் மாறிவிட்டார் என்ற குறைகளை இதில் கலக்காதீர்கள். கலந்தால் மெயில் "புகார்" வரிசைக்குப் போய், ரத்து என்ற வார்த்தை நான்காம் பத்தியில் புதைந்துவிடும். போன மாதத்து 799ஐக் கேட்பதையும் தனி மெயிலில் வையுங்கள். முழு அட்டை எண், சிவிவி, ஓடிபி எதையும் எழுதக்கூடாது. அட்டை வழியான சந்தாவாக இருந்தால் கடைசி நான்கு இலக்கம் போதும்.

மேண்டேட் எண் எங்கே கிடைக்கும் என்றால், உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதியில். ஒவ்வொரு சந்தாவுக்கும் நீளமான ஓர் எண் இருக்கும், கடைசிப் பகுதியில் @ குறியும் அதன் பின் சில எழுத்துகளும் வரும். UMN என்று குறித்திருப்பார்கள். அதே இடத்தில்தான் நீக்கும் வசதியும் இருக்கிறது. நீக்கும்போது பின் கேட்கும். இடைநிறுத்தம் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் முழுவதுமாக நீக்குங்கள், இடைநிறுத்தியது மீண்டும் ஓடத் தொடங்கும். நீக்கியபின் எண்ணும் நிலையும் தேதியும் ஒன்றாகத் தெரியும் திரையைப் படமெடுத்து வையுங்கள். அட்டை வழியாகக் கொடுத்த அனுமதி என்றால், வங்கியின் இணையதளத்தில் அட்டை மேண்டேட்டுகளுக்கான பக்கம் இருக்கும். அதை வங்கி தந்தே ஆக வேண்டும், ரிசர்வ் வங்கியின் விதிகள் அப்படிச் சொல்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும் நாச் வகை என்றால் நீக்கக் கோரிக்கையை நெட்பேங்கிங்கிலோ கிளையிலோ கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குச் சில வேலை நாட்கள் பிடிக்கும், எனவே கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது.

உங்களுக்கு 10ஆம் தேதிவரை பதில் வந்தாலும் வராவிட்டாலும் 11ஆம் தேதி மேண்டேட்டை நீக்கிவிடுங்கள். உறுதி வந்துவிட்டதே, இனி எதற்கு என்று விடக் கூடாது. ரத்தை ஒரு குழு பதிவு செய்யும், வசூல் பட்டியலை வேறொரு மென்பொருள் ஓட்டும். இரண்டும் ஒத்துப்போகாமல் ஒரு சுற்று கூடுதலாகப் பிடிப்பது அடிக்கடி நடக்கிறது. இன்னொரு காவலும் உண்டு: ஆட்டோபே, அட்டை இரண்டிலும் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தொகை, தேதி, நிறுவனத்தின் பெயரோடு செய்தி வர வேண்டும். 17ஆம் தேதி அப்படி ஒரு செய்தி வந்தால், நீக்கம் எங்கோ பதிவாகவில்லை என்று அர்த்தம். அன்றே போய்ச் சரிபார்க்க நேரமிருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் அட்டையைக் கொடுத்த சந்தா உங்கள் மேண்டேட் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். அதற்கு வங்கி ஆப்பில் அந்த அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவைப்பது எளிய வழி. அதுவும் மெயிலுக்குப் பிறகுதான்.

பதில் வந்தால் அது என்ன பதில் என்று வரிக்கு வரி படியுங்கள். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, டிக்கெட் எண் இது" என்பது மெயில் சேர்ந்ததற்கான சான்று. அந்த அளவில் அது பொன்னானது, பத்திரப்படுத்துங்கள். ஆனால் அது ரத்துக்கான உறுதி இல்லை. "உங்கள் சந்தா இந்தத் தேதியில் ரத்து செய்யப்பட்டது" என்ற வரி வந்தால்தான் முடிந்தது. இடையில் தொலைபேசியில் அழைத்துப் பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள். அங்கே "சரி, யோசித்துச் சொல்கிறேன்" என்ற பதில் போதும், "வாடிக்கையாளர் மறுபரிசீலனை செய்கிறார்" என்று குறித்துக்கொண்டு ரத்தை மூடிவைக்க. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு அதே மெயில் தொடரில் எழுதுங்கள்: "இன்று காலை 11.20 மணிக்கு உங்கள் தரப்பிலிருந்து வந்த அழைப்பில் சலுகை சொன்னார்கள், நான் ஏற்கவில்லை. 6ஆம் தேதி ரத்து அறிவிப்பு அப்படியே நிற்கிறது." பேச்சு எதுவாக இருந்தாலும் இப்படி எழுத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நினைவூட்டலையும் புதிய மெயிலாக அனுப்பாமல் பழைய மெயிலுக்கே பதிலாக, பொருள் வரியை மாற்றாமல் அனுப்புங்கள். ஒரே தொடரில் தேதிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 18ஆம் தேதி பணம் போனால், அது எந்த நிலையில் போனது என்பதைப் பொறுத்து யாரைப் பிடிப்பது என்பது மாறும். மேண்டேட் நீக்கப்பட்ட பின்னும் போயிருந்தால் பொறுப்பு வங்கிப் பக்கம். நீக்கியதைக் காட்டும் திரையின் படத்தோடு, அனுமதியில்லாத பரிவர்த்தனை என்று உடனே வங்கியில் புகார் செய்யுங்கள். இந்த வகையில் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பது உங்கள் பொறுப்பைச் சுழியமாக வைத்திருக்க உதவும் என்பதால் நாள் கடத்தக் கூடாது. மெயில் அனுப்பியிருந்தீர்கள், ஆனால் மேண்டேட் உயிரோடு இருந்தது என்றால், "அனுமதி இருந்தது, எடுத்தார்கள்" என்று வங்கி சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. அப்போது சண்டை நிறுவனத்தோடுதான். அட்டையாக இருந்தால் மட்டும் கூடுதலாக ஒரு வழி உண்டு. ரத்து செய்த சந்தாவுக்கு மறுபடி பிடித்தம் என்பதற்கென்றே அட்டை வலையமைப்புகளில் தகராறு வகை வைத்திருக்கிறார்கள், விசாவில் அதன் எண் 13.2. வங்கி முதலில் கேட்பது ரத்து செய்த தேதிக்கான ஆதாரம். "ரத்து செய்த சந்தாவின் பிடித்தம்" என்ற சொல்லோடு மெயிலை இணைத்துக் கொடுங்கள். "மோசடி" என்று எழுதினால் தவறான வரிசைக்குப் போய் நிராகரிக்கப்படும்.

போன மாதத்து 799 இந்த இரண்டாவது வகையில் விழுகிறது, முகவரியும் தவறு. அதனால் உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்பதற்கு வலுவான ஒரு காரணம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதை முடியாததாகவோ சிக்கலாகவோ ஆக்குவதும், ரத்து வசதியை மறைப்பதும் அதில் வரும். இரண்டு தொடுதலில் சேரவைத்துவிட்டு, விலக மட்டும் மெயில் எழுதச் சொல்வது அதற்குள் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. "அக்டோபர் 10 அன்று எழுதினேன், ஆப்பில் ரத்து வசதி இல்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் பயன்படுத்தவில்லை, அக்டோபர் 18 அன்று எடுத்த 799ஐத் திருப்புங்கள்" என்று பரிவர்த்தனை எண்ணோடு குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பயன்படுத்தவில்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அந்த வரியைச் சேருங்கள், உள்நுழைந்த பதிவு அவர்களிடம் இருக்கும்.

குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 அல்லது consumerhelpline.gov.in. அவர்களால் உத்தரவு போட முடியாது, நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். 799 போன்ற தொகைக்கு அதுவே பெரும்பாலும் போதுமானது. அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வங்கி மீதான புகாருக்கு 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம்.

கடைசியாக, பதிவை எப்படி வைத்துக்கொள்வது என்பது. மெயிலின் ஸ்கிரீன்ஷாட் பார்ப்பதற்கு வசதி, ஆனால் யாரும் அதை மாற்றிச் செய்யலாம் என்ற எதிர்வாதம் உடனே வரும். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Download message கொடுத்தால் .eml என்ற கோப்பாக இறங்கும். அனுப்பிய நேரம், முகவரிகள், Message-ID எல்லாம் அதற்குள் அப்படியே இருக்கும். இது போனில் வராது, கணினியில் செய்யுங்கள். நீங்கள் அனுப்பியது, அவர்களுடைய தானியங்கிப் பதில், உறுதிப் பதில் மூன்றையும் இப்படி எடுத்து, விதிமுறைப் பக்கப் படம், மேண்டேட் நீக்கிய படம், அந்த மாத வங்கி அறிக்கை இவற்றோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். மூல மெயிலை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு தரச் சொல்கிறது, அந்தச் சான்றிதழுக்கு மூலம் இருப்பது கைகொடுக்கும். டிசம்பர் 18ஆம் தேதி வங்கி அறிக்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதையும் அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். நவம்பரில் விட்டுப்போன பிடித்தத்தை அடுத்த மாதம் வேறு தொகையாக எடுக்க முயன்றிருந்தால் அங்கேதான் தெரியும்.